கட்டுக்கம்பியை எத்தனை கிலோ வாங்குவது?

எங்கள் சித்தப்பாவின் ஹார்டுவேர் கடையில் சரக்கு போடுவதற்கு ஒரே சட்டம்தான். எதுவாக இருந்தாலும் ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு. கட்டுக்கம்பியும் ஒரு மாதத்துக்கு, கதவுக் கீலும் ஒரு மாதத்துக்கு, முறுக்குக்கம்பியும் ஒரு மாதத்துக்கு. கரூர் பக்கம் ஒரு சின்ன ஊர். முப்பது வருடமாக நடக்கிற கடை, நன்றாகவே நடக்கிறது. அதனால் அந்தச் சட்டத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை. வருடக் கடைசியில் கணக்கு முடித்துக் கொடுக்கப் போகிற எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது. வங்கிக் கடனான ஓ.டி.யின் வட்டி ஒரு பக்கம் ஏறுகிறது, டெம்போ வாடகைச் சீட்டுகள் இன்னொரு பக்கம் கத்தையாகக் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே சட்டம் எப்படி உண்டாக்கும்?

உண்டாக்கும். ஒரு சரக்கை அடிக்கடி வாங்கினால் வாங்குகிற செலவு கூடும். ஒரே முறையில் நிறைய வாங்கினால் வைத்திருக்கிற செலவு கூடும். எல்லாச் சரக்குக்கும் ஒரு மாதம் என்று வைத்தால், சிலது அளவுக்கு மீறி அடிக்கடி வரும், சிலது அளவுக்கு மீறிக் கிடக்கும். இந்த இரண்டு செலவுக்கும் நடுவில் ஒரு சரியான அளவு இருக்கிறது என்பதைக் கணக்காக எழுதியவர் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். வருடம் 1913. வணிகவியல் படித்தவர்கள் அந்த அளவை ஈ.ஓ.க்யூ. என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள். படித்து முடித்துக் கடையில் உட்கார்ந்தவர்கள் அதை எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. பாடப் புத்தகத்தில் வாங்கும் செலவு, வைத்திருக்கும் செலவு இரண்டையும் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். கடையில் யார் கொடுப்பார்கள்?

அதனால் ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு எண்ணையும் எப்படிப் பிடிப்பது என்று பார்க்கலாம். கட்டுக்கம்பி. கான்கிரீட் போடும் முன் முறுக்குக்கம்பிகளைச் சேர்த்துக் கட்டுகிற மெல்லிய கறுப்புக் கம்பி. எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுதாக்கியிருக்கிறேன். வருடத்துக்கு 6,000 கிலோ விற்கிறது. லாரிக் கட்டணம் சேர்த்துக் கடைக்கு வந்து சேரும் விலை கிலோ 75 ரூபாய். ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கவில்லை, அது உள்ளீட்டு வரியாகக் கழிந்துவிடும்.

முதலில் வாங்குகிற செலவு. இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். “ஒரு லோடு வந்தால் எவ்வளவு ஆகிறது சித்தப்பா?” என்று கேட்டேன். லாரிக் கட்டணம், இறக்குகூலி, டெம்போ எல்லாவற்றையும் கூட்டிப் பெரிய எண்ணாகச் சொன்னார். அதில் பாதி இந்தக் கணக்குக்கு வராது. லாரிக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். அப்படியானால் ஒரே முறையில் 6,000 கிலோ வந்தாலும், பத்து முறையாக வந்தாலும் வருடத்துக்கு அதே தொகைதான். பண்டிலுக்கு இவ்வளவு என்று கொடுக்கிற இறக்குகூலியும் அப்படியே. இவையெல்லாம் சரக்கின் விலையோடு சேர்ந்தவை. நமக்கு வேண்டியது, பத்து பண்டில் வந்தாலும் முப்பது பண்டில் வந்தாலும் மாறாத செலவு மட்டும்.

அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது இவ்வளவுதான். லாரி ஆபீஸிலிருந்து கடைக்குக் குட்டி யானை வாடகை 500 ரூபாய். ஒரு பண்டில் ஏற்றினாலும் அதே வாடகை, ஒரு டன் வரை ஏற்றினாலும் அதே வாடகை. லாரி ஆபீஸில் பில்லுக்கு என்று வாங்குகிற தொகை 50. கடைப் பையன் ஒருவன் போய், கூட நின்று ஏற்றி, வந்து எடை போட்டு அடுக்குவதற்குள் போகிற நேரத்துக்கு 120. ஆர்டர் சொல்வது, பில்லைக் கணினியில் ஏற்றுவது, பணம் அனுப்புவது, விட்டுப்போனதைப் போன் போட்டுக் கேட்பது, இதற்கெல்லாம் 80. ஆக 750 ரூபாய்.

பையன் மாதச் சம்பளக்காரன்தானே, அவன் போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். அவன் இல்லாத நேரத்தில் கடையில் கூட்டம் இல்லையென்றால் அந்த 120-ஐ விட்டுவிடலாம். காலை எட்டு மணிக்கு, கொத்தனார்களும் பிளம்பர்களும் வரிசை கட்டி நிற்கிறபோது அவன் லாரி ஆபீஸில் நின்றால் 120 போதாது. நடுவாக வைத்துக்கொண்டோம்.

அடுத்தது வைத்திருக்கிற செலவு. இதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை, அதனால்தான் கண்ணில் படுவதில்லை. ஒரு கிலோ கட்டுக்கம்பி ஒரு வருடம் முழுக்கக் குடோனில் கிடந்தால் என்ன ஆகும்? 75 ரூபாய்க்கு ஓ.டி.யில் 12 சதவீத வட்டி, 9 ரூபாய். இடத்துக்கு 3 ரூபாய். குடோன் பாதி காலியாக இருந்தால் இடத்துக்குச் செலவே இல்லை, சும்மா கிடக்கிற இடம்தானே. சித்தப்பாவின் குடோன் அப்படியில்லை. பி.வி.சி. பைப் வந்து இறங்கினால் நடக்க வழியிருக்காது. மழைக்காலத்தில் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுக்கிறார். ஆகவே இடத்துக்கு விலை உண்டு.

மூன்றாவது, துரு. கட்டுக்கம்பிக்குப் பூச்சு எதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடியில் கிடக்கிற பண்டிலைத் தூக்கினால் உள்ளங்கை முழுக்கச் செம்பொடி. மேலாகத் துரு பிடித்ததைக் கம்பி கட்டுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். உள்ளே இறங்கிவிட்டால் கொக்கியால் முறுக்கும்போதே பட்டென்று அறுந்துவிடும், மறுநாள் காலை பண்டில் கடைக்குத் திரும்பி வரும். அந்தக் கழிவுக்கு 3 ரூபாய். மொத்தம் ஒரு கிலோவுக்கு வருடத்துக்கு 15 ரூபாய், அதாவது விலையில் 20 சதவீதம்.

இப்போது கணக்கு. ஒரு முறை வாங்குகிற அளவு Q கிலோ என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு வாங்குகிற தடவை 6,000-ஐ Q-ஆல் வகுத்தது. தடவைக்கு 750 ரூபாய். இருப்பு, சரக்கு வந்த அன்று Q ஆக இருக்கிறது, விற்று விற்றுச் சுழியத்துக்கு இறங்குகிறது, மறுபடி Q. ஆகச் சராசரியாகக் குடோனில் கிடப்பது Q-வில் பாதி. அதற்குக் கிலோவுக்கு 15 ரூபாய். முதல் செலவு Q கூடக்கூடக் குறைகிறது, இரண்டாவது கூடுகிறது. இரண்டும் சமமாகிற இடத்தில்தான் மொத்தச் செலவு குறைவாக இருக்கும். சமன் செய்து எழுதினால் இது வரும்:

```
Q = √(2 × D × S / H)
Q = √(2 × 6000 × 750 / 15) = √600000 ≈ 775
```

D என்பது வருட விற்பனை, S ஒரு தடவை வாங்கும் செலவு, H ஒரு கிலோவை ஒரு வருடம் வைத்திருக்கும் செலவு. 25 கிலோ பண்டிலாக வந்தால் 31 பண்டில். ஏறக்குறைய 47 நாளுக்கு ஒரு முறை. வாங்கும் செலவு சுமார் 5,800, வைத்திருக்கும் செலவு சுமார் 5,800, இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 11,600 ரூபாய்.

சித்தப்பாவின் மாதாந்திரச் சட்டப்படி 500 கிலோ வாங்கினால்? 12 தடவைக்கு 9,000, சராசரி இருப்பு 250 கிலோவுக்கு 3,750. மொத்தம் 12,750. வித்தியாசம் வருடத்துக்கு 1,150 ரூபாய்தான். “இதுக்காப்பா இவ்ளோ கணக்கு?” என்றார். இந்தக் கேள்விக்குள்தான் இந்தச் சூத்திரத்தின் முக்கியமான குணம் இருக்கிறது. அதன் அடிப்பகுதி தட்டையானது. சரியான அளவிலிருந்து 40 சதவீதம் கூடுதலாக வாங்கினாலும் செலவு 6 சதவீதம்தான் ஏறும். இரண்டு மடங்காக வாங்கினால், அல்லது பாதியாக வாங்கினால், 25 சதவீதம் ஏறும். அதைத் தாண்டினால்தான் வலிக்கும். ஆறு மாதச் சரக்கை மொத்தமாக இறக்கினால், அதாவது 3,000 கிலோ, குட்டி யானையின் கூடுதல் நடைகளையும் சேர்த்துச் செலவு 26,000. வாரா வாரம் வாங்கினால் 40,000-ஐத் தொடும்.

இதனால் இன்னொரு நிம்மதியும் உண்டு. 750 என்று நாம் போட்டது உண்மையில் 1,500-ஆக இருந்தால்கூட, வர்க்கமூலம் எடுப்பதால் அளவு 1.4 மடங்குதான் மாறும், பழைய அளவையே வாங்கிக்கொண்டிருந்தாலும் நஷ்டம் 6 சதவீதம்தான். ஆகவே பையனின் நேரத்துக்கு 120-ஆ 200-ஆ என்று சண்டை போட வேண்டியதில்லை. 775 வேண்டாம், 750 வாங்கலாம், 800 வாங்கலாம்.

கட்டுக்கம்பியில் மாதச் சட்டம் தப்பித்துக்கொண்டது. ஏனென்றால் அது நடுத்தர விற்பனைச் சரக்கு. கடையின் இரண்டு ஓரங்களுக்குப் போனால் கதை வேறு.

அதற்கு முன் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஆயிரக்கணக்கான உருப்படிகள். மூன்று அங்குலக் கீல், நாலு அங்குலக் கீல், தாழ்ப்பாள், கொண்டி, ஆணியில் மட்டும் எத்தனையோ நீளம். ஒவ்வொன்றுக்கும் தனியாக 750 ரூபாய் என்று போட்டால் பைத்தியக்காரத்தனமான அளவுகள் வரும். நாலு அங்குலக் கீலுக்கு என்று யாரும் தனியாகக் குட்டி யானை வைப்பதில்லை. கீலும் தாழ்ப்பாளும் கொண்டியும் ஒரே மொத்த வியாபாரியிடமிருந்து ஒரே பெட்டியில் வருகின்றன. செலவு சரக்கு தருகிற ஆளுக்குத்தான், உருப்படிக்கு இல்லை. ஆகவே கணக்கையும் ஆளுக்குப் போட வேண்டும், கிலோவில் இல்லாமல் ரூபாயில். அந்த ஆளிடம் வருடத்துக்கு வாங்குகிற மொத்தத் தொகை தெரிந்தால் போதும். வைத்திருக்கும் செலவு விலையில் 20 சதவீதம், வாங்கும் செலவு 750 என்றால் சூத்திரம் இப்படிச் சுருங்கிவிடும்:

```
ஒரு ஆர்டரின் தொகை = 86.6 × √(வருடக் கொள்முதல்)
```

86.6 என்பது 2 × 750-ஐ 0.20-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தது. உங்கள் கடையில் செலவு வேறாக இருந்தால் அந்த எண்ணும் மாறும், ஒரு முறை போட்டுவைத்துக்கொண்டால் வருடம் முழுக்கப் போதும். கட்டுக்கம்பிக்கு வருடக் கொள்முதல் நாலரை லட்சம். போட்டுப் பாருங்கள், சுமார் 58,000 ரூபாய் வரும். அதே 775 கிலோதான்.

இப்போது கீல், தாழ்ப்பாள் தருகிறவரிடம் வருடத்துக்கு 50,000 ரூபாய்க்குத்தான் சரக்கு எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆர்டர் சுமார் 19,400 ரூபாய்க்கு வருகிறது. அதாவது நாலரை மாதத்துக்கு ஒரு முறை. மாதா மாதம் வாங்கினால் செலவு 9,400 ரூபாய், நாலரை மாதத்துக்கு ஒரு முறை வாங்கினால் 3,900. ஐம்பதாயிரம் ரூபாய்ச் சரக்கைக் கொண்டுவர ஒன்பதாயிரம் செலவழிப்பது எந்தக் கடைக்கும் கட்டாது. அந்த டெம்போச் சீட்டுக் கத்தையில் பாதி இந்த மாதிரிச் சின்ன ஆர்டர்கள்தான்.

மறுபக்கம், வருடத்துக்கு 18 லட்சத்துக்குச் சரக்கு தருகிறவர். அவரிடம் ஒரு ஆர்டர் 1,16,000 ரூபாய், சுமார் 24 நாளுக்கு ஒரு முறை. கொள்முதல் 36 மடங்கு பெரியது, ஆனால் வாங்குகிற தடவை 6 மடங்குதான் கூடுகிறது. வர்க்கமூலம் செய்கிற வேலை இது. அதிகம் ஓடுகிற சரக்கு குறைந்த நாளுக்கு, மெதுவாக ஓடுகிற மலிவான சரக்கு நிறைய நாளுக்கு. நிறைய கடைகளில் இது தலைகீழாக இருக்கும். நன்றாக ஓடுகிறது என்று ஓடுகிறதையே மலையாகக் குவித்திருப்பார்கள், கீல் கேட்டால் “நாளைக்கு வருதுங்க” என்பார்கள்.

விற்பனை வருடம் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று சூத்திரம் நினைக்கிறது. நம்மூரில் அப்படி இல்லை. ஐப்பசி மழையில் கான்கிரீட் வேலை படுத்துவிடும், தை பிறந்தால் ஓட்டம். வருடத்துக்கு ஒரு D போடாமல் பருவத்துக்கு ஒரு D போட்டுக்கொள்ளலாம். தையிலிருந்து வைகாசி வரைக்கும் வருடத்துக்கு 9,000 கிலோ என்ற வேகத்தில் ஓடினால் 950 கிலோ, மழைக்காலத்தில் 3,000 என்ற வேகத்துக்கு இறங்கினால் 550 கிலோ. விற்பனை மூன்று மடங்கு வித்தியாசம், வாங்குகிற அளவு இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இல்லை. மழைக்கு முன்னால் வாங்கியது தேங்கித் துருப்பிடிக்காமல் இருக்க இந்த ஒரு மாற்றமே போதும்.

எவ்வளவு என்பதை மட்டும்தான் இது சொல்லும், எப்போது என்பதைச் சொல்லாது. அது தனிக் கணக்கு. போன் போட்டதிலிருந்து சரக்கு வர 5 நாள், ஒரு நாள் விற்பனை 20 கிலோ என்றால் 100 கிலோ வேண்டும். லாரி ஒரு நாள் தாமதமானால், ஒரு பெரிய வீட்டுக்காரர் நாலு பண்டில் கேட்டால் என்று மேலே கொஞ்சம். சித்தப்பா கடையில் இதற்குக் கணினி வேண்டியிருக்கவில்லை. கடைசி ஏழு பண்டிலைத் தனியாக அடுக்கி மேலே சிவப்புப் பிளாஸ்டிக் கயிறு கட்டி வைக்கிறார்கள். கயிற்றை அவிழ்க்கிறவன் முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். அதுதான் ஆர்டர் போடுகிற நாள். புதுச் சரக்கு வந்ததும் பழைய ஏழும் முன்னுக்கு வந்துவிடும், இல்லாவிட்டால் துருவெல்லாம் அந்த ஏழிலேயே சேரும்.

இனி, மொத்த வியாபாரியின் ஆள் வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஆரம்பிப்பார். “ரெண்டு டன்னா எடுத்துக்குங்கண்ணா, கிலோவுக்கு அம்பது பைசா குறைச்சுத் தர்றேன்.” ஐம்பது பைசா என்றால் வருடத்துக்கு 3,000 ரூபாய் மிச்சம். ஆனால் 2,000 கிலோவாக வாங்கினால் குட்டி யானை தடவைக்கு இரண்டு நடை, ஆக மூன்று தடவைக்கு 3,750, சராசரி 1,000 கிலோ இருப்புக்கு 14,900. மொத்தம் 18,650. 11,600-ஐ விட ஏழாயிரம் சொச்சம் கூடுதல். மிச்சம் 3,000, செலவு 7,000, நமக்கு 4,000 நஷ்டம். அதே ஆள் இரண்டு ரூபாய் குறைத்தால் கதை மாறுகிறது. மிச்சம் 12,000, கூடுதல் செலவு சுமார் 6,700, கையில் நிற்பது 5,300. இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு கிலோவுக்கு 1 ரூபாய் 15 பைசா. அந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பேரம் பேசுவதற்குத் தெம்பு வரும். “ஒண்ணேகால் ரூபா போடுங்க, பாக்கலாம்” என்று சித்தப்பா சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

ஒன்றை மறக்கக் கூடாது. தள்ளுபடிக்காக வாங்கினால் ஒரே நாளில் ஒன்றரை லட்சம் கம்பியில் போய் உட்காருகிறது, 58,000 போக வேண்டிய இடத்தில். ஓ.டி. எல்லையை அது தொட்டுவிட்டால், அந்த வாரம் வேறு எதையும் வாங்க முடியாது. கணக்கு லாபம் சொன்னாலும் கல்லா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 30 நாள் கடனுக்குக் கொடுத்தால் வட்டிப் பாரம் குறையும், ஆனால் துருவுக்கும் இடத்துக்கும் யாரும் கடன் கொடுப்பதில்லை.

சிமெண்டுக்கு இந்தச் சூத்திரமே தேவையில்லை. விற்பவர் கையில் மூட்டையாக 3 மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டை மறுபடி சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதி சொல்கிறது. வீடு கட்டுகிறவரோ மூட்டையில் அச்சடித்த வாரத்தைப் பார்த்து அதற்கு வெகு முன்பே முகம் சுளிப்பார். அங்கே காலம்தான் அளவைத் தீர்மானிக்கிறது, செலவு இல்லை.

முறுக்குக்கம்பியில் வேறு தொல்லை, விலை நிற்பதில்லை. அடுத்த வாரம் ஏறப்போகிறது என்று போன் வரும், கடைக்காரர்கள் விழுந்தடித்து வாங்குவார்கள். கட்டுக்கம்பிக்கும் சில சமயம் அதே போன் வருகிறது. கிலோவுக்கு 2 ரூபாய் ஏறுவது உறுதி என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோவை வைத்திருக்க வருடத்துக்கு 15 ரூபாய் ஆகிறது. இரண்டை 15-ஆல் வகுத்தால் சுமார் 49 நாள். வழக்கமான இருப்பு தீர்ந்த பிறகும் 49 நாளுக்கு மேல் குடோனில் கிடக்கப்போகிற பண்டிலுக்கு, ஏறுகிற 2 ரூபாயை வட்டியும் இடமும் துருவும் தின்றுவிடும். வருடத்துக்கு 6,000 கிலோ விற்கிற கடைக்குக் கூடுதலாக 800 கிலோ வரை சரி. போன் செய்கிறவர் மூன்று டன் என்றுதான் ஆரம்பிப்பார்.